வடக்குச் சுவரின் நிறம்

வடக்குச் சுவரில் தெளித்த மருந்து பட்டென்று இளஞ்சிவப்பாக மாறியது. கௌசலாவுக்கு அது பிடிக்கவில்லை.

பரந்தனுக்கும் முரசுமோட்டைக்கும் இடையில், வயலுக்குள் தனித்து நிற்கும் பழைய நெற்களஞ்சியம் அது. அறுபதுகளில் வார்த்தது. பூச்சும் வர்ணமும் இல்லை. பலகை அடைத்து ஊற்றிய கொங்கிறீற் அப்படியே நிற்க, பலகையின் நரம்பும் முடிச்சும் சுவரெல்லாம் பதிந்திருக்கும். ஊரில் ஒருவருக்கும் அதைக் கண்டாலே பிடிக்காது. பிரதேச சபை இடிக்கப் போகிறது. நூறு வயது ஆகாததால் தொல்லியல் சட்டமும் கைகொடுக்காது. பொறியியலாளரான கௌசலாதான் அதைக் காப்பாற்ற ஒற்றைக்காலில் நின்றாள்.

பாடசாலை விவாதப் போட்டிக்கு அவள் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்திருந்தாள்: விரும்பப்படாத கட்டடத்தைக் காக்க வேண்டுமா? வெயிலில் அடுப்பாகும், மழையில் ஒழுகும், பராமரிக்கக் காசு யார் தருவது என்று எதிர்த்தரப்புக்கும் நியாயமாகவே எழுதினாள். ஆனால் இன்று தலையில் வைத்துக் கொண்டாடும் பழைய கட்டடங்களையும் ஒரு தலைமுறை அசிங்கம் என்றுதான் சொன்னது, இடித்தபின் மனம் மாறினால் திரும்ப வார்க்க முடியுமா என்று கேட்டு முடித்தாள்.

அதை வாசித்து நெகிழ்ந்தவர் அவளுடைய கணவர் யோகலிங்கம். கட்டட ஒப்பந்தகாரர். கட்டிய எட்டு வருடத்தில் அவளுடைய வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனிதர், தன் செலவில் பிரதி எடுத்து மாணவர்களுக்குக் கொடுத்தார். அவள் பூரித்துப் போனாள்.

போட்டியன்று ஸாஜிதா என்ற மாணவி எழுந்து அவளைப் பார்த்து, "காப்பாத்துறது சரி மிஸ், உள்ளுக்க கம்பி கறள் பிடிச்சிருந்தா ஆர் பொறுப்பு?" என்று கேட்டுவிட்டாள். சபையும் அதையே பிடித்துக்கொண்டது. சோதித்து அறிக்கையில் கையெழுத்து வையுங்கோ, பிறகு பார்ப்பம் என்றார்கள்.

இன்று சோதனைக்குக் கிளம்பும்போது, காலையில் யோகலிங்கம் தேத்தண்ணியைக் குடித்தபடி சொன்னார்: "வடக்குச் சுவரை விடும். அது நல்லாத்தான் இருக்கு."

விடவில்லை. தொழில் பழக்கம்.

மழை இருட்டில் பின்னேரம் மூன்று மணியே மம்மல் பொழுதாகத் தெரிந்தது. உள்ளே ஊறிய உமியின் மணம், எங்கோ ஒழுகும் நீர், கூரையடியில் வௌவால்களின் கீச்சு. காற்று கொங்கிறீற்றுக்குள் மெல்ல மெல்ல இறங்கி அதன் காரத்தைத் தின்னும். காரம் இருக்கிற இடத்தில் மருந்து சிவக்கும், போன இடத்தில் நிறமே வராது. அந்த நிறமில்லாத ஆழம் கம்பியைத் தொட்டால் கம்பி துருவேறிக் கறள் தொடங்கும். மற்ற மூன்று சுவர்களிலும் மூன்று சென்ரிமீற்றர் கொத்திய பிறகும் நிறம் வரவில்லை. அறுபது வருடத்துக்கு அதுதான் சரி. இங்கே தோலைக் கீறியதுமே சிவக்கிறது.

இது பழைய சுவர் இல்லை.

பத்து வருடத்துக்கு முன் யோகலிங்கம் இங்கே ஏதோ திருத்தவேலை செய்தவர். களஞ்சியத்தை முதலில் வார்த்த பழைய பலகைகள் எங்கே கிடந்தன என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். நரம்புக்கு நரம்பு, முடிச்சுக்கு முடிச்சு பொருத்தி வார்த்திருக்கிறார். நெற்களஞ்சியத்துக்கு யார் இவ்வளவு நேரம் மினைக்கெடுவார்கள்? அதே வருடம்தான் அவருடைய முதல் மனைவி சுகந்தினி கனடாவுக்குப் போனவா என்று ஊருக்குச் சொன்னார். கைவிட்டுப் போனாள் என்று விவாகரத்தும் எடுத்தார்.

இந்தச் சுவரை ஒருவரும் தொடக்கூடாது என்று எழுதியவள் கௌசலாதான். பிள்ளைகளுக்கும் படிப்பித்தவள் அவள்தான். அவளுடைய எழுத்தைக் கொண்டே அவர் அந்த மனுசியைச் சுவருக்குள் பூட்டி வைக்கப் பார்த்திருக்கிறார். பாவி. எட்டு வருடம் அவரோடு ஒரே பாயில் படுத்தாளே.

சுத்தியலால் தட்டினாள். டக். கொஞ்சம் மேலே. டக். நெஞ்சு உயரத்தில், டொப்.

வெற்றிடம்.

இன்னொரு தடவை தட்டக் கை ஓங்கினாள். தட்டவில்லை.

டொப் என்றது சுவர்.

வாசலில் வான் வந்து நின்றது. கதவு சாத்தும் சத்தம். நனைந்த செருப்பு. யோகலிங்கம் உள்ளே வந்தார். அவளைப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்தார்.

"கையெழுத்து வைச்சிட்டீரோ?"

"இல்லை."

"வையும்." குரலில் கோபமே இல்லை. "உம்மை நம்பித்தான் நான் இருந்தனான்."

"அவா எங்க, யோகலிங்கம்?"

கட்டிய நாளிலிருந்து அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவருடைய முகம் வெளுத்துக்கொண்டு வந்தது.

அவள் திரும்பினாள்.

மருந்துப் போத்தல் நிலத்தில் மூடியோடு கிடந்தது. சுவர் தானாகச் சிவந்துகொண்டிருந்தது. கீழே ஒரு குதிக்கால். பிறகு முழங்கால். இடுப்பு. பலகை நரம்புகளுக்கு மேலாக அவிழ்ந்த தலைமயிர். ஈரமாக, ஒரு பெண்ணின் அளவில், இளஞ்சிவப்பு மேலே ஏறியது.

கடைசியாகக் கைகள் வந்தன.

இரண்டு உள்ளங்கைகளும் சுவரின் உட்பக்கம் அழுந்தியபடி, மெல்ல நகர்ந்து, யோகலிங்கம் நின்ற பக்கமாக விரிந்தன.