கலசம் வராத கடைதல்

மந்தர மலையடிவாரச் சங்கராந்திச் சந்தையில் கமலாகாந்தன் அவலும் தயிரும் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்த நேரம், பாற்கடல் கடையும் கூத்தின் தன்வந்திரி வேடத்தோடு கனௌரி, அருகிலிருந்த சுலோச்சனாவிடம் ஓடி வந்தான்.

"அக்கா, அமுத கலசத்தைக் காணோம்! எடுக்கலாம்னு மேடை மலைக்கடியில கைய விட்டேன், வெறும் தரைதான். அங்க போறவன் நான் ஒருத்தன்தானே, அதனால நான்தான் திருடனாம். பொழுது சாயறதுக்குள்ள கிடைக்கலைன்னா போலீசாம். பதினெட்டு வருஷ வேஷம்க்கா, அதுவும் போயிடும்!"

ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர் சுலோச்சனா செருப்பை மாட்டினாள். அவளுடைய கொழுந்தன் கமலாகாந்தன் கையைக் கழுவிக்கொண்டு பின்னால் ஓடினான்.

"அண்ணி, ராகு வேஷக்காரன்தான். கதையிலயே தேவர் பந்தியில திருட்டுத்தனமா உக்காந்து குடிச்சவனாச்சே!"

"குடிச்சான், அமுதம் தொண்டையத் தாண்டறதுக்குள்ள தலை போச்சு. பேசாம வாங்க தம்பி."

மேடையில் நீலத் துணிக் கடல் விரித்தபடியே கிடந்தது. நடுவே மூங்கில் மலை. மலை மூழ்காமல் தாங்கும் ஆமைப் பொம்மை, உள்ளே கூடானது, அதன் அடியில் பூக்குவியலுக்குள் இருந்தது. மறுநாள் காலை பூசை முடியும்வரை ஆமையை யாரும் அசைக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். வைக்கோல் வாசுகியின் வாயில் தூபச் சட்டி இன்னும் புகைந்தது. வால்பக்கத் தரை ஈரமாக இருந்தது. தேவர்கள்மேல் மழை பொழிவதற்குச் சல்லடையில் தண்ணீர் தெளித்திருந்தார்கள்.

அசுரர்கள் ஐவரும் பஞ்சு மீசையோடு அமர்ந்திருந்தார்கள். நால்வர் முகத்திலும் மீசையிலும் புகைக்கரி. சந்தேஸ்வர் மட்டும் மீசை பளிச்சென்று, பார்க்கவே நல்ல மனிதனாக இருந்தான்.

"ஆலகாலம் வந்ததுலேருந்து கலசம் வர்ற வரைக்கும் பாம்பு வாய்க்குப் பக்கத்துல நான்தான்" என்றான் அவன். "ஆமை ஓட்டுல விரிசல் இருக்கு. நாளைக்கு வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஒட்டிடறேன்."

சுலோச்சனா எல்லாரையும் உட்காரச் சொன்னாள்.

"தலைப்பக்கம்தான் கௌரவம்னு அசுரர்கள் கேட்டு வாங்கினாங்க. விஷ்ணு சிரிச்சுக்கிட்டே கொடுத்தார். வாசுகி மூச்சு புகையாவும் நெருப்பாவும் வந்து அவங்களக் கருக்கிடுச்சு. அந்த மேகம் வால்பக்கம் போய் மழையாப் பேஞ்சு தேவர்களக் குளிர்விச்சுது. நீங்களும் ஆலகாலக் கட்டத்துல தூபத்தப் போடறீங்க. நாலு மீசை கருப்பாச்சு. உன் மீசை ஏன்ப்பா வெள்ளையா இருக்கு?"

சந்தேஸ்வர் மீசையைத் தொட்டுப் பார்த்தான்.

"புகையில பக்கத்துல இருக்கவன் முகம் தெரியாது. நீ துணிக் கடலுக்கடியில ஊர்ந்து போனே. ஆனா கலசத்தோட வெளிய வர முடியல. நாளைக் காலைல வரைக்கும் யாரும் தொடாத இடம் ஒண்ணுதான். அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்னும் நீயே சொல்லிட்டே."

ஊராரிடம் அனுமதி கேட்டு ஆமையைப் புரட்டினார்கள். வெள்ளிக் கலசம் சாய்ந்து கிடந்தது. கூத்து முடிவில் அமுதமென்று ஊராருக்குத் தரும் மலையடிவாரப் பாபஹாரிணிக் குளத்து நீர் முழுதும் மண்ணில் ஊறிப்போயிருந்தது.

"ஐயோ!" என்று சந்தேஸ்வர் அதைப் பார்த்துத்தான் அழுதான். "வெள்ளிய யார் கேட்டா? ஆளுக்கு ஒரு கரண்டிதானே தருவீங்க. எம் பொண்ணு மூணு வாரமா கண்ணத் திறக்கல. முழுசாக் கொடுத்தா பொழைச்சுக்குவான்னு..."

 

கனௌரி கலசத்தை எடுத்தான். குளத்தில் இறங்கி விளிம்புவரை நிரப்பினான். தேவர்கள் வரிசையாகக் கை நீட்டி நின்றார்கள். அவன் அவர்களைத் தாண்டி நடந்தான்.

"வாய்யா" என்றான் சந்தேஸ்வரிடம். "உன் வீடு எந்தப் பக்கம்?"