இருநூற்று எண்பது பினாஃபோர்

டெய்லர் ஞானசிகாமணி வேலை செய்யும்போது அவர் வாயில் எப்போதும் நாலைந்து குண்டூசிகள் இருக்கும். அந்த நேரத்தில் அவர் பேசுவது யாருக்கும் புரியாது, அவருடைய மகள் மகிமாவைத் தவிர. "ம்ம் ம்" என்றால் கையைத் தூக்குங்கள் என்று அர்த்தம். "ம்ம்ம்?" என்றால் இறக்கம் போதுமா என்று கேட்கிறார்.

"அப்பா மூச்சு விடச் சொல்றாக அத்தை. இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நின்னா அளவு தப்பாயிருமாம்" என்று மகிமா எடுத்துச் சொல்வாள். போடி ஊர்க் கடைத்தெருவில் பாதிப் பேர், ஆறாம் வகுப்பு விட்டு அவள் வரும் நேரம் பார்த்துத்தான் அளவு கொடுக்க வருவார்கள்.

அன்று மாலை, அப்பா குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டார். முக்கியமாக ஏதாவது சொல்லப்போகிறார் என்றால்தான் அப்பா அப்படிச் செய்வார்.

எதிரே அவளுடைய பள்ளியின் மேனேஜர் சுரேஷ்கண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"மன்னிச்சுக்கங்க சார். பன்னெண்டு நாள்ல இருநூத்தி எண்பது பினாஃபோர் என்னால தைக்க முடியாது" என்றார் அப்பா.

மகிமாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால், அந்தப் பெண்கள் பள்ளியில் காலையில்தான் ஒரு பெரிய காரியம் நடந்திருந்தது. புதுக் கட்டடத் திறப்பு விழாவுக்குப் புதுச் சீருடை என்று தலைமையாசிரியை மகாலட்சுமி டீச்சர் பிரார்த்தனை நேரத்தில் அறிவித்தார். வெள்ளைச் சட்டைக்கு மேல் போட, தோளில் பட்டை வைத்த நீலக் கட்டம்போட்ட பினாஃபோர். ஆண்டிபட்டிப் பக்கத்துத் தறியில் நெய்த பருத்தித் துணி. "தைக்கிறதுக்குத்தான் ஆள் பார்க்கணும்" என்று டீச்சர் சொல்லி வாய் மூடவில்லை, மகிமா கையைத் தூக்கிவிட்டாள். "எங்க அப்பா தைச்சுத் தருவாக டீச்சர்!" பள்ளிக்கூடமே கை தட்டியது. அவளுக்கு அப்போது தரையில் கால் பாவவில்லை.

"ஆளுக்கு ஆள் அளவு எடுக்க வேணாம் டெய்லர்" என்றார் மேனேஜர். "சின்னது, நடுத்தரம், பெருசுன்னு மூணு அளவு போதும். தையலுக்கு இன்னும் பத்து ஆள் போட்டுக்கங்க."

"பிள்ளைகள்ல மூணு அளவு எங்கன சார் இருக்கு?" என்று அப்பா சிரித்தார். "ஆளும் கிடைப்பாக. ஆனா அவுக தைச்சதை ஒவ்வொண்ணா நான் விரிச்சுப் பார்க்கணும். அதுக்கு நாள் கிடைக்காதே."

மேனேஜர் கோபப்படவில்லை. "அப்ப வெளியூர்ல ரெடிமேடா சொல்லிடுறேன்" என்று எழுந்து போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் மகிமா வெடித்தாள்.

"நான் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்பா! இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போவேன்?"

அப்பா டேப்பைச் சுருட்டி வைத்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல ஆத்தா? சரி, நாளைக்கு நானே வந்து டீச்சர்கிட்டச் சொல்லிடுறேன்."

மகிமாவுக்கு ஆறவில்லை. முடியாது என்று எப்படிச் சொல்லலாம்? முடியும் என்று கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன் என்று நோட்டும் பென்சிலுமாக, கடிகாரத்துக்கு நேரே உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன மகிமா, மெஷினுக்கு இன்ஸ்பெக்டரா வந்திருக்கியா?" என்று கேலி செய்தார் இரண்டாவது மெஷினில் தைக்கும் சங்கிலியம்மாள். நல்லவேளையாக, அப்பா அப்போது ஒரு சின்னப் பெண்ணுக்குக் கட்டம்போட்ட துணியில் பினாஃபோர்தான் வெட்டத் தயாராகிக்கொண்டிருந்தார்.

வெட்டுவதற்கு இருபது நிமிடம். முன்பக்கமும் பின்பக்கமும் சேரும் இடத்தில் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்று அப்பா துணியைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். இடுப்பில் மடிப்பு எடுக்க முப்பது நிமிடம். பட்டை, கழுத்து, ஜிப் என்று பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத் தையல் போட்டு முடித்ததும் அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு கோடு, நூல் அளவுக்கு இறங்கியிருந்தது. பட்டென்று தையலைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அச்சோ! அதை யாருப்பா பார்க்கப் போறா?"

"நான் பார்த்துட்டேனே" என்றார் அப்பா.

கடைசியில், கீழ் ஓரத்தில் மூன்று அங்குலத் துணியை உள்ளே மடித்துக் கையால் தைத்தார். பிள்ளை வளர வளர அதைப் பிரித்துவிட்டால் இரண்டு வருடம் போடலாம். எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் ஆயிருந்தது.

இரண்டு மெஷின், நாளைக்கு எட்டு மணி நேரம். ஆக ஒரு நாளைக்கு எட்டு உடுப்பு. இருநூற்று எண்பதை எட்டால் வகுத்தால் முப்பத்தைந்து நாள். மகிமா மறுபடி வகுத்தாள். முப்பத்தைந்துதான் வந்தது.

"இதுல துணியை நனைக்கிற நாள் சேரலை" என்றார் சங்கிலியம்மாள்.

"எதுக்கு அத்தை நனைக்கணும்?"

"பருத்தி தண்ணியைப் பார்த்தாச் சுருங்கும்டி. நனைச்சுக் காயவைக்காம வெட்டுனா, முழங்காலுக்குக் கீழ இருக்க வேண்டியது ஒரே துவைப்புல மேல ஏறிக்கும். இந்த ஆடிச் சாரல்ல அத்தனை துணியையும் எங்கன காயப்போடுறது?"

மகிமா நோட்டை மூடிவிட்டாள். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது, வருத்தம் அப்படியே இருந்தது. சும்மா இருக்க முடியாமல் அப்பாவின் அளவு நோட்டைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் அவள் வகுப்பு நதியாவின் பெயர் இருந்தது. தோள், மார்பு, இடுப்பு என்று எண்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'இடது பட்டை அரை அங்குலம் குறைக்கவும்.'

நதியா இரண்டாம் வகுப்பில் மரத்திலிருந்து விழுந்ததில், அவளுக்கு இடது தோள் லேசாக இறங்கியிருக்கும். பக்கத்திலேயே உட்காரும் மகிமாகூட அதை மறந்தே போயிருந்தாள். ஏன் மறந்தோம் என்று இப்போது புரிந்தது. அப்பா தைத்த உடுப்பில் அது தெரிவதே இல்லை. மகிமாவுக்கு அப்பாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இவ்வளவு கத்திவிட்டு எப்படிப் போய்க் கட்டிக்கொள்வது?

"அப்பா, நாளைக்கு நீங்க வர வேணாம்" என்று மட்டும் சொன்னாள். "சொன்னது நான்தானே, நானே டீச்சரைப் பார்த்துச் சொல்லிடுறேன்."

அப்பா வாயில் மறுபடி குண்டூசி இருந்தது. "ம்ம்" என்றார். சரி என்று அர்த்தம்.

மறுநாள் வகுப்பில் கால் வைத்ததுமே ஹேமாவதி பிடித்துக்கொண்டாள். "உங்க அப்பாவால தைக்க முடியாதாம்ல? ரெடிமேட் வருதாம். மூணே சைசாம்!"

எல்லாரும் தாங்கள் எந்த சைஸ் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நதியா மட்டும் பேசவில்லை. அவள் கை இடது தோளைத் தொட்டுவிட்டு இறங்கியது. மகிமா அதைப் பார்த்தாள். உடனே தலைமையாசிரியை அறைக்கு நடந்தாள்.

"டீச்சர், எங்க அப்பாகிட்டக் கேக்காம நான் கையைத் தூக்கிட்டேன். தப்புதான். பன்னெண்டு நாள்ல தைச்சா நல்லாத் தைக்க முடியாதுன்னு சொல்லிட்டாக."

மகாலட்சுமி டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "வந்து சொன்னியே, அதுவே போதும். பரவாயில்லை, மேனேஜர் மாதிரிக்கு ஒண்ணு வாங்கி வந்திருக்கார். மூணு அளவுன்னா நம்ம பிள்ளைகளுக்குச் சரியா இருக்கும்தானே?"

இருக்காது, நதியாவுக்குப் பட்டை நழுவும் என்று சொல்ல மகிமா வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து, வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு நதியாவே வாசலில் வந்து நின்றாள். மகிமா அந்தச் சொல்லை அப்படியே விழுங்கிவிட்டாள்.

நதியா பதிவேட்டை வைத்துவிட்டுப் போன பிறகும் அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "நான் போட்டுக் காட்டட்டுமா டீச்சர்?" என்றாள்.

மேசைமேல் இருந்த பினாஃபோரை, போட்டிருந்த உடுப்புக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். நடுத்தர அளவுதான். நீளம் சரியாக இருந்தது. ஆனால் இடுப்பில் நிற்க வேண்டிய தையல் மார்புக்குப் பக்கத்தில் நின்றது. அவள் கையைத் தூக்கியதும் முழு உடுப்பும் கூடவே ஏறியது. டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மகிமாவும் சிரித்துவிட்டாள்.

"கீழே பாருங்க டீச்சர், பிரிச்சு விட உள்ளே துணியே இல்லை. அடுத்த வருஷம் எல்லாருக்கும் மறுபடி புதுசு வாங்கணும்."

டீச்சர் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "சரிதான். ஆனா விழாவுக்குப் பதினோரு நாள்தானே இருக்கு, என்ன செய்ய?"

மகிமாவுக்கும் தெரியவில்லை. தலையைச் சொறிந்தாள். இருநூற்று எண்பது, எட்டு, முப்பத்தைந்து என்று எண்கள் மனதில் ஓடின. சட்டென்று ஒன்று தோன்றியது.

"டீச்சர், அன்னைக்கு மேடையில ஏறுறவுக எத்தனை பேரு?"

"பாட்டு, நடனம், வரவேற்பு… முப்பத்தெட்டுப் பேர். ஏன்?"

"முப்பத்தெட்டுன்னா அஞ்சே நாள் டீச்சர்! துணி நனைச்சுக் காய மூணு நாள் போனாலும், அளவு எடுக்கவும் நாள் மிஞ்சும். மத்தவுக இப்பப் போட்டிருக்கிறதையே துவைச்சுப் போட்டுக்கிட்டு வந்து கீழே உக்காந்துக்கிடுவோம். எங்களுக்கு அப்புறமா வகுப்பு வகுப்பாத் தைக்கலாம்ல? அதுக்கு அவசரமே இல்லையே!"

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ முப்பத்தெட்டுல இல்லையே மகிமா?"

"இல்ல டீச்சர். எனக்குப் பாட்டு வராது."

டீச்சர் போனை எடுத்து மேனேஜரை அழைத்தார்.

சாயங்காலம் மேனேஜர் கடைக்கு வந்து மகிமாவின் யோசனையைச் சொன்னபோது, அப்பா குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்தார். "முப்பத்தெட்டா? தாராளமாத் தைக்கலாம் சார்" என்றார். பிறகு மகளைப் பார்த்தார். கண் கலங்கியதை மறைக்க மெஷினுக்கு எண்ணெய் போடக் குனிந்துகொண்டார். மகிமா போய் அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டாள்.

விழா நாளில் முப்பத்தெட்டுப் பேர் புது நீலக் கட்டத்தில் மேடையேறினார்கள். பாட்டுக் குழுவில் முதல் வரிசையில் நதியா இரண்டு கைகளையும் தூக்கிப் பாடினாள். பழைய சீருடையோடு கீழே உட்கார்ந்து, உள்ளங்கை சிவக்கக் கை தட்டினாள் மகிமா.

அதன்பின் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, ஒவ்வொரு வகுப்பாக அளவு எடுக்கப்பட்டது. சொந்த மகளின் முறையை அப்பா கடைசிக்குத் தள்ளிவிட்டார். ஹேமாவதிகூடப் புதுசு போட்டு வந்துவிட்டாள். ஆறு வாரம் கழித்து இருநூற்று எண்பதாவது பினாஃபோருக்குத் துணியை விரித்த அப்பா, டேப்பை எடுத்துக்கொண்டு மகிமாவைக் கூப்பிட்டார்.

"என் அளவுதான் உங்களுக்கு மனப்பாடமாச்சேப்பா?"

"போன மாசத்து அளவு தெரியும் ஆத்தா" என்றார் அப்பா. "இப்ப நீ எவ்வளவு வளந்திருக்கேன்னு பார்க்கணும்ல?"

மகிமா மூச்சை இழுத்துப் பிடிக்காமல், நிமிர்ந்து நின்றாள்.