ஐந்தாவது தட்டு

நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஐந்து தட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.

பகல் பன்னிரண்டரை மணி. சமையலறை ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் நான்கு எவர்சில்வர் தட்டுகள் கம்பித் தாங்கியில் பளபளத்தன. அவற்றின் முதுகுக்குப் பின்னால், ஒளிந்து நிற்பதுபோல ஒரு பச்சை பிளாஸ்டிக் தட்டு. விளிம்பு முழுக்கப் பல் பதிந்த தடங்கள்.

"அம்மா, இது யாரோட தட்டு?"

அம்மா குழாயை மூடவில்லை. "எது?"

"அஞ்சாவது."

"எண்ணக்கூட மறந்துட்டியா? நாலுதான் இருக்கு. போ, போய்ப் படு."

மாத்திரைத் தூக்கத்திலிருந்து அப்போதுதான் எழுந்திருந்த அவள் பல் தேய்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது நான்குதான் இருந்தன.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. மூன்று மாதம் உள்ளே இருந்தாள். வேறு யாருக்கும் கேட்காமல் அவள் காதருகே மட்டும் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்த அந்த மூன்று பேரும் மாத்திரைக்குப் பயந்து ஒவ்வொருவராகக் கிளம்பிப் போய்விட்டார்கள். மாத்திரை தந்த கைநடுக்கமும் கூடிப்போன ஆறு கிலோ எடையும் மட்டும் மிச்சம். புறப்படும் நாளில், பஸ் கண்டக்டர் குரல்கொண்ட அந்தப் பெரிய நர்ஸ் அவள் தோளைப் பிடித்துச் சொன்னாள்.

"மறுபடி ஏதாவது கேட்டா பதறாதே. மூணு கேள்வி கேளு. மத்தவங்களுக்கும் கேக்குதா? காதைப் பொத்தினா குறையுதா? உனக்குத் தெரியாத ஒண்ணு அந்தக் குரலுக்குத் தெரியுதா? முதல் கேள்விதான் முக்கியம். வீட்டுல இருக்கறவங்கதான் உனக்குக் கண்ணாடி."

பக்கத்தில் அப்பா பவ்யமாகத் தலையாட்டினார். சேர்க்கும்போதும் அப்படித்தான் ஆட்டினார். 'குடும்பத்தில் வேறு யாருக்காவது மனநோய் உண்டா?' என்று டாக்டர் கேட்டபோது, "ஒருத்தருக்குமே கிடையாது டாக்டர், எங்க வம்சத்துலயே இதுதான் முதல்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் மாத்திரைகள் வைட்டமின் பாட்டிலுக்கு இடம் மாறின. உள்ளூர்க் கடையில் வாங்கினால் பேச்சு வரும் என்று அப்பா இரண்டு பஸ் மாறிப் போய் வாங்கினார். ஊரைப் பொறுத்தவரை அவள் மூன்று மாதமாக ட்ரெயினிங்கில் இருந்தாள். மாடிவீட்டு அம்மாள் கேட்டருகே அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்ல சாப்பாடு போடற ட்ரெயினிங் போல!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் பேத்தியை இடுப்புப் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

எக்ஸ்ரே லேபில் ஏழு வருடம் வேலை பார்த்தவள் அவள். ட்ரெயினிங் கதையை நம்பாத முதலாளி நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார். "நீ நல்லா இருக்கேன்னு எனக்குத் தெரியும்மா. வர்றவங்களுக்குத் தெரியணுமே? கதவைச் சாத்திட்டு, மூச்சை இழுத்துப் பிடின்னு நீ சொன்னா பிடிப்பாங்களா? கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு."

எல்லோரும் அன்பாகவே சொன்னார்கள். அதுதான் பயமாக இருந்தது.

பச்சைத் தட்டைப் பார்த்த அன்று மாலையே சத்தம் கேட்டது.

அவள் அறையில் பீரோவுக்குப் பின்னால், சுவருக்கு உள்ளே. தட், தட், தட். நிறுத்தம். தட், தட். நகத்தால் சுரண்டுவதுபோல ஏதோ நீளமாக ஓடி, மறுபடி மூன்று, மறுபடி இரண்டு. புதுப் பெயிண்டின் வாசனைக்கு அடியில், ஈரத்துணியை நாள்கணக்காக மூடிவைத்த நாற்றம் மெல்ல ஊர்ந்து வந்தது. அவள் காதைப் பொத்தினாள். சத்தம் குறைந்தது. எடுத்தாள். கூடியது.

மனம் உண்டாக்கும் குரல் காதைப் பொத்தினாலும் குறையாது. அவளுக்குத் தெரியும். அந்த மூன்று பேரும் குறைந்ததே இல்லை.

கூடத்துக்கு ஓடினாள். "உங்களுக்குக் கேக்குதா?"

டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. தங்கை அம்மாவைப் பார்த்தாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"என்ன கேக்குது?" என்றார் அப்பா.

"தட்டற சத்தம். பின்பக்கம், ஸ்டோர் ரூம்லேர்ந்து."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே. உனக்கு?"

"இல்லப்பா" என்றாள் தங்கை, தரையைப் பார்த்தபடி.

நர்ஸ் கொடுத்தனுப்பிய நோட்டில் தங்கைதான் எழுதுவாள். தேதி. அக்காவுக்குச் சத்தம் கேட்டது: ஆம். மற்றவர்களுக்கு: இல்லை. அன்று இரவு முதல் மாத்திரை ஒன்று ஒன்றரை ஆயிற்று. டாக்டரை யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டு. நாக்கு தடித்தது. டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் ஆடிச் சிந்தியது. நோட்டில் வரிக்கு வரி 'இல்லை' நிறைந்துகொண்டே வந்தது.

"இப்படியே போனா மறுபடி சேக்கணும்" என்று அப்பா அம்மாவிடம் சொல்வது கேட்டது. "ஆனா அந்த ஆஸ்பத்திரி வேண்டாம். அங்க ரெக்கார்டு ஆயிடும்."

வேறு எங்கே? அவள் கேட்கவில்லை. இனி சத்தத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று மட்டும் முடிவு செய்தாள். தட்டும்போதெல்லாம் சுவரைப் பார்க்காமல் சாப்பிட்டாள். மற்ற மூன்று பேரும் அப்படியேதான் சாப்பிட்டார்கள். தட்டும்போது மட்டும் மூவரின் தாடையும் ஒரே நேரத்தில் நின்றது. அவள் அதைக் கவனித்தாள். தன் கண்ணையே அவள் நம்பவில்லை.

ஞாயிறு நான்கு மணிக்குத் தங்கையைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள்.

"நீ ட்ரெயினிங்ல இருக்கே" என்றாள் அம்மா, அவள் தலையைத் தடவி. "ரெண்டே மணி நேரம் கண்ணு. உன் தங்கச்சிக்காக." கதவு மூடியது. வெளியே இரும்பு உராய்ந்தது.

தாழ்ப்பாள். வெளிப்பக்கம். அப்பா நாற்பது வருடம் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். கதவில் தாழ்ப்பாள் பதித்த தடத்தை மறைக்கத்தான் புதுப் பெயிண்ட் என்று அப்போதுதான் புரிந்தது.

கூடத்தில் சிரிப்பு, கோப்பைகளின் கிணுகிணுப்பு. சுவருக்குள் தட், தட், தட். தட், தட். பிறகு, தட்டாமல், ஒரு குரல்.

"குருவி..."

அப்படி அவளைக் கூப்பிட்டவன் ஒருவன்தான். அண்ணன். ஒன்பது வருடத்துக்கு முன் வெளிநாட்டு வேலைக்குப் போனவன். போய்ச் சேர்ந்து ஒரு போன் செய்தானாம், அப்புறம் எங்களையெல்லாம் தலைமுழுகிட்டான் என்பாள் அம்மா.

மூன்றாவது கேள்வி. அவள் சுவரில் வாயை வைத்தாள். "எனக்குத் தெரியாதது ஏதாவது சொல்லு."

நீண்ட மூச்சு. "பீரோவை நகர்த்து. கீழே பைப் போற ஓட்டை. துணி அடைச்சிருக்கு."

அவளுக்கு அது தெரியாது.

பீரோவை நெட்டித் தள்ளினாள். அதன் கால் தரையில் தேய்ந்து கிறீச்சிட்டது. தரையை ஒட்டி, பழைய குழாய் போன வழி. அழுக்குத் துணி. பிடுங்கினாள். நாற்றம் முகத்தில் அறைந்தது. மூத்திரம், சீழ், துரு.

ஓட்டை வழியாக ஒரு கை வந்தது.

நகங்கள் இல்லை. மணிக்கட்டில் இரும்பு அறுத்த வளையம், அதன்மேல் பொருக்கு. முன்கை நடுவில் வளைந்திருந்தது. ஏழு வருடம் எலும்புகளைப் பார்த்த கண் அது. படம் எடுக்காமலே தெரிந்தது: இரண்டு எலும்பும் உடைந்து, கட்டுப் போடாமல் கோணலாகக் கூடியிருக்கிறது. இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். குழாயாலோ கம்பியாலோ ஓங்கி அடித்தது. முகத்துக்குக் குறுக்கே கையைத் தூக்குகிறவனுக்குத்தான் அந்த இடத்தில் உடையும்.

பிடித்தாள். சூடாக இருந்தது. விரல்கள் அவள் விரலை இறுக்கின.

"அண்ணா."

"ஒன்பது வருஷமா என்னை அடைச்சு வெச்சிருந்த அந்த மனநோய் விடுதியைப் பூட்டிட்டாங்க குருவி. அப்பா இங்க கொண்டுவந்துட்டாரு. நான் சத்தம் போடறதில்ல. தட்டறேன், அவ்வளவுதான். நீ இருக்கியான்னு."

அவள் கத்தினாள். தடித்த நாக்கால் முடிந்த மட்டும். கூடத்தில் சிரிப்பு நின்றது.

"என்ன சத்தம் அது?" முன்பின் கேட்டிராத ஒரு பெண்ணின் குரல். மாப்பிள்ளையின் அம்மா.

"எந்தச் சத்தம்?" என்றாள் அம்மா. "ஓ, பின்பக்கம் எலி. ஒரே தொல்லை. சின்னவளே, டி.வி.யைக் கொஞ்சம் வை, அவங்க பாக்கட்டும்."

டி.வி. அலறியது. பின்பக்கக் கதவு திறந்தது. கனத்த காலடிகள். சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டு திறந்தது.

"இன்னிக்குமாடா?" அப்பாவின் குரல். அழுகிறாரா? "வீட்டுல நோயாளி ஒண்ணுன்னா ட்ரெயினிங்னு சமாளிச்சுடலாம். ரெண்டுன்னா பரம்பரைம்பான். சின்னவளை எவன் கட்டுவான்? ஒரே ஒரு மணி நேரம் உன்னால வாயை மூட முடியாதா?"

"நான் பேசலப்பா. அவதான்..."

முதல் அடியில் விரல்கள் இறுகின. சங்கிலி குலுங்கியது. இரண்டாவது. அவள் விரல் எலும்பு நொறுங்குவதுபோல இறுக்கம். மூன்றாவது. இரும்பு எலும்பில் விழும் சத்தம் வேறு, சதையில் விழும் சத்தம் வேறு. அவள் இரண்டையும் கேட்டாள். நான்காவது சத்தம் ஈரமாக இருந்தது. ஓட்டை வழியாக அவள் கன்னத்தில் வெதுவெதுப்பாக ஏதோ தெறித்தது.

ஐந்து.

ஆறு.

விரல்கள் தளர்ந்தன.

நாற்காலிகள் நகர்ந்தன. வாசலில் செருப்புச் சத்தம். "பொண்ணு ரொம்ப அடக்கம். எங்களுக்குப் பிடிச்சிருக்கு." கார் கிளம்பியது. டி.வி. நின்றது.

தாழ்ப்பாள் விலகியது. வாசலில் தங்கை. பட்டு ஜாக்கெட், தலை நிறையப் பூ, கையில் நோட்டு. அவள் பார்வை அக்காவின் கன்னத்துக்கு வந்தது. ஓட்டைக்கு வந்தது. அங்கேயே நின்றது.

"உனக்குக் கேட்டுச்சு" என்றாள் அவள். "சொல்லுடி. ஒரே ஒரு தடவை."

தங்கையின் உதடு துடித்தது. மைக்கோடு கரைந்து இரண்டாக வழிந்தது. பேனாவைத் திறந்தாள்.

"இல்லக்கா" என்றாள். எழுதினாள். கதவைச் சாத்தினாள்.

இரும்பு உராய்ந்தது.

அவள் ஓட்டையருகே படுத்து, அந்தக் கையைப் பிடித்தபடியே இருந்தாள். ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகி, சாம்பலாகி, போயிற்று. கையிலும் சூடு போயிற்று. தட், தட், தட் என்று தட்டிப் பார்த்தாள். தட், தட்.

பதில் இல்லை.

கதவின் கீழிடுக்கு வழியாக எதையோ தள்ளினார்கள். சோறு. பச்சைத் தட்டு. விளிம்பு முழுக்கப் பல் தடங்கள். கழுவி, துடைத்து, ஈரம்கூட இல்லாமல்.

அவள் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே இடுக்கு வழியாக அம்மாவின் கை வந்து அதைத் திரும்ப இழுத்துக்கொண்டது. சமையலறையில் குழாய் திறந்தது. எவர்சில்வர் தட்டு ஒன்று தாங்கியில் போய் உட்கார்ந்து கணீரென்றது. இரண்டு. மூன்று.

நான்காவதற்குச் சத்தமே இல்லை. பிளாஸ்டிக்.