அடக்கம் வேண்டும்

அடுத்த வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவரில் விழுந்த தட்டல் விரல்முட்டியால் தட்டியது போல இல்லை. ஈரத்துணியைச் சுருட்டி அடித்தால் எழும் மெத்தென்ற சத்தம், அதுவும் தரையை ஒட்டி, அந்தப் பக்கம் யாரோ படுத்தபடியே தட்டுவது போல, முத்தாரம்மாள் விளக்கைத் தணித்ததும் தொடங்கி, பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் விடியற்கால மணி அடிக்கும் வரை ஓயாமல் கேட்டது. ஒவ்வொரு தட்டுக்கும் கட்டிலில் கிடந்த அவள் கணவன் பகவதிப்பெருமாளின் உடம்பு தூக்கிப்போட்டது. விஷக்காய்ச்சல். புதிதாக வந்திருக்கும் குளோரோமைசெட்டின் மாத்திரை கொடுத்தாயிற்று. இனித் தூக்கம்தான் மருந்து, அது கெட்டால் ஆள் தேறுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

விடிந்ததும் அவன் உதடு அசைந்தது. "அடுத்த வீட்டுக்கு எழுது."

"என்னன்னு எழுத?"

கண் செருகிவிட்டது. பாவம், மிச்சத்தை அவளே ஊகிக்க வேண்டியிருந்தது.

முதலில் எழுதியது சண்டைக்குக் கூப்பிடுவது போலிருந்தது, கிழித்துப்போட்டாள். அடுத்த வீட்டு சுவாமிதாஸ், படுக்கையில் கிடக்கும் மனைவியோடு தனியாக இருப்பவர். சுகம் விசாரித்துத் தொடங்க வேண்டும். பழி சொல்லாமல் சத்தத்தை மட்டும் சொல்ல வேண்டும். கேட்பதைச் சின்னதாகக் கேட்க வேண்டும்.

"அண்ணாச்சிக்கு வணக்கம். தங்கபாய் அக்கா சுகம்தானே? இவருக்கு விஷக்காய்ச்சல், தூக்கம் கலையக் கூடாதாம். விளக்கணைத்த பின் நடுச்சுவரில் தட்டும் சத்தம் கேட்கிறது. உங்கள் மேல் குறையில்லை. இன்று ராத்திரியாவது அடக்கம் வேண்டும்."

சீட்டைக் கதவிடுக்கில் செருகினாள்.

அன்று சாயங்காலம் சுவருக்கு அப்பால் ஏதோ இடிபட்டது. பிறகு அமைதி. பகவதிப்பெருமாள் வியர்த்து, வாய் திறந்து, குழந்தை போலத் தூங்கினான். அவள் அழுதேவிட்டாள்.

காலையில் சுவாமிதாஸ் வாசலில் நின்றார். நகக்கண்ணெல்லாம் செம்மண்.

"நீங்க எழுதினபடியே செய்தாச்சும்மா."

"என்னத்த அண்ணாச்சி?"

"அடக்கம். ஞாயித்துக்கிழமையே போயிட்டா. மண்ணுல வைக்க மனசு வரல்ல. பாயிலயே கிடத்தியிருந்தேன்."

கிறிஸ்தவச் சபைக்காரர்கள் புதைப்பதை அடக்கம் என்றுதான் சொல்வார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்போ... நேத்து வரைக்கும் தட்டினது?"

"நீங்களும் கேட்டியளே, அது போதும்." நன்றியோடு கைகூப்பினார். "எனக்குத்தான் பைத்தியம்னு பயந்துகிட்டு கிடந்தேன்."

"அக்காவ எங்க வச்சிய?"

"அவ கிடந்த அறையிலேயே. சுவரோரமா. தலை உங்க பக்கம்."

இரவு அவள் விளக்கை அணைக்கவில்லை. கண்ணையும் மூடவில்லை என்றுதான் நினைத்தாள். எண்ணெய் தீர்ந்திருக்க வேண்டும். இருட்டு. ஈர மண்ணின் வாடை.

மெத்.

சுவரில் இல்லை.

கீழே.

தடவித் தடவி நெருப்புக்குச்சியை உரசினாள். கட்டில் காலி.

தலையைக்கூடத் தூக்க முடியாதவன், தரையில் குப்புறக் கிடந்தான். கன்னம் சிமெண்டில். கண்கள் மூடியபடி. கீழிருந்து தட்டல் வரும். அவன் காத்திருப்பான். பிறகு விரலை மடக்கி, மெதுவாக, பதில் தட்டுவான்.