அவர்கிட்டச் சொல்லு

சாப்பாட்டு மேசையின் இரண்டு நாற்காலிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு வாசலில் நின்றாள். போன வாரம் பூட்டிக்கொண்டு போனபோது அப்பாவின் நாற்காலி சுவரைப் பார்த்துத்தான் இருந்தது. முப்பது வருஷமாக அப்படித்தான் இருந்தது. அதன் முதுகில் அவள் ஒட்டிய நீலச் சீட்டு இப்போது அவளைப் பார்த்தது.

தான்தான் திருப்பிப் போட்டிருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.

அப்பாவுக்கு நீலம், அம்மாவுக்குச் சிவப்பு. அப்பா வாடகை அறைக்கும் அம்மா சித்தி வீட்டுக்கும் போய் ஒரு மாதம் ஆகிறது. சாமான் பட்டியல் திங்கட்கிழமை வக்கீலம்மாவிடம் போக வேண்டும். வீட்டை விற்றுப் பாதிப் பாதி. ஓய்வூதியத்தில் அம்மாவுக்கு ஒரு பங்கு. விவாகரத்து ஆனதும் அப்பாவின் மருத்துவக் காப்பீட்டிலிருந்து அம்மா பெயர் போய்விடும். அறுபத்தாறு வயதில், சர்க்கரை நோயோடு, அம்மாவைத் தனியாக எந்தக் காப்பீட்டில் சேர்த்துக்கொள்வார்கள் என்று அலைந்ததும் அவள்தான். "நாப்பது வயசுல அப்பா அம்மா பிரிஞ்சதுக்கு அழுவாங்களா?" என்று அலுவலகத் தோழி சிரித்தாள். அழுவதற்கும் வயது வரம்பு உண்டு போலும்.

சாயங்கால வெயில் கூடத்துத் தரையில் சுருங்கிக்கொண்டே வந்தது. அடைத்துக் கிடந்த வீட்டின் புழுக்கத்தில், இப்போதுதான் யாரோ குளித்துவிட்டு வந்ததுபோல லேசான சோப்பு வாசனை. கூடத்தில் சுவர்க் கடிகாரம் மட்டும் பாக்கி. அம்மாவை அழைத்தாள்.

"அந்த மனுஷனே வச்சுக்கட்டும். மணியப் பாத்துப் பாத்துத்தானே என் உசுர வாங்குனாரு. அவர்கிட்டச் சொல்லு."

"சரிம்மா."

அப்பாவை அழைத்தாள். "அப்பா, கடிகாரம் உங்களுக்குத்தான் இருக்கணுமாம். உங்களைப் போல யாரும் நேரத்துக்குச் சாவி கொடுக்க மாட்டாங்களாம்."



"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியாம்மா?" என்றார் அப்பா. போனை வைத்துவிட்டார்.

நாக்கைக் கடித்துக்கொண்டாள். இப்படி மாற்றிச் சொல்வது எட்டு வயதில் தொற்றிய பழக்கம். இருவரும் பேச்சை நிறுத்திய அந்த வருஷத்திலிருந்து அவள்தான் நடுவில். 'உப்பைக் கொட்டி வச்சிருக்கான்னு அவகிட்டச் சொல்லு' என்பார் அப்பா. 'நல்லா இருக்காம், அம்மா' என்று அம்மாவிடம் போய்ச் சொல்வாள். வக்கீலம்மா இருவரையும் நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேசச் சொன்ன அன்றுதான் எல்லாம் வெளியே வந்தது.

"நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்?" என்றாள் அம்மா.

"நானுந்தான் எப்ப சொன்னேன்?" என்றார் அப்பா.

முப்பது வருஷத்தில் முதல்முறையாக இருவரும் ஒத்துப்போனார்கள். இருவரும் சேர்ந்து அவளைப் பார்த்தார்கள். "அவர் மனசுக்குள்ள ஆசை இருக்குன்னு நம்பித்தானேடி இத்தனை வருஷம் இருந்தேன்" என்று அம்மா அழாமல் சும்மா சொன்னாள். இனிமேல் சொன்னதைச் சொன்னபடி மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று அவளிடம் சத்தியம் வாங்கினாள்.

கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

அவள் படுக்கையறையில் பீரோவின் முன்னால் இருந்தாள். கையிலிருந்த சிவப்புச் சீட்டு விரலோடு ஒட்டிக்கொண்டது. கூடத்தில் யாரோ தணிந்த குரலில் பேசினார்கள், இருட்டத் தொடங்கிய வீட்டில் பழகியவர்கள் விளக்குப் போடாமலே பேசிக்கொள்வதுபோல, அவசரமில்லாமல், ஒருவர் முடிக்க மற்றவர் தொடங்கி.

*உங்களைப் போல யாரும் நேரத்துக்குச் சாவி கொடுக்க மாட்டாங்க.*

*நீ சமைச்சா நல்லாத்தான் இருக்கும்.*

*உங்களுக்கு இருமல்னா எனக்குத் தூக்கமே வராது.*

அத்தனையும் அவள் கட்டிச் சொன்னவை. ஒரு வாக்கியம்கூட விட்டுப்போகவில்லை.

கதவுவரை நடந்தாள். மேசையில் இருவர். அப்பாவின் தோள். அம்மாவின் கொண்டை. எதிரெதிரே, ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி. நடுவில் ஒரு முக்காலி. அவள் சிறுவயதில் உட்கார்ந்தது. என்றோ உடைந்து வெளியே எறியப்பட்டது.

குரல் அவளுக்குத் தெரிந்த குரல்.

தொண்டை வலித்தது. அப்போதுதான் புரிந்தது.

அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது.

இரண்டு கைகளாலும் பொத்தினாள். பேச்சு நின்றது. வீடு நிசப்தமானது. கடிகாரம் மட்டும்.

இருவரும் திரும்பினார்கள். மெதுவாக. கண்கள் இருந்தன. அன்பான கண்கள். மூக்கு இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வழவழவென்று தோல்.

பையில் போன் அதிர்ந்தது. அம்மா. நிஜ அம்மா. எடுக்க முடியவில்லை.

அப்பாவின் கை முக்காலியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டது.

அவள் உட்கார்ந்தாள். முழங்கால்கள் மார்பில் இடித்தன. இரண்டு முகங்களும் பொறுமையாகக் குனிந்தன. அவளுடைய கைகள் தாமாகவே வாயிலிருந்து இறங்கின.